குலுக்கல் எதுவரை துணைக்கு வரும்? உளசிகிச்சைச் சோதனையில் ‘எப்படி’ என்ற கேள்விக்கு எந்த வழி

சிங்கப்பூரில் ஒரு சமூக சேவை அமைப்பில் உளவியலாளராக இருக்கும் தோழி ஒருத்தி, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையைத் தமிழிலேயே நடத்திச் சோதிக்க ஒரு திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறாள். மனச்சோர்வு உள்ள 160 பேரைச் சேர்க்க வேண்டும். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வாரம் ஒரு அமர்வு என்று பத்து வாரம் சிகிச்சை, மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. 24-ஆம் வாரம், மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டும். 0 முதல் 27 வரை போகும் அந்தக் கேள்வித்தாளைப் பாலிகிளினிக் போய் வந்தவர்களில் பலர் பார்த்திருப்பார்கள்.

இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் நிதி கொடுக்கிறவர்கள் கூடவே ஒன்று கேட்கிறார்கள்: சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்றும் காட்டுங்கள். அவளுக்கு ஒரு ஊகம் இருக்கிறது. நடந்து முடிந்த ஒன்றையே “எனக்கு மட்டும் ஏன் இப்படி” என்று மனதுக்குள் அசைபோட்டுக்கொண்டே இருப்பது சிகிச்சையால் குறைகிறது, அது குறைவதால் சோர்வும் குறைகிறது என்பது. “அண்ணா, மீடியேஷன் அனாலிசிஸ்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. திட்டத்துல எதைப் போடட்டும்?” என்று கேட்டாள். சிகிச்சையின் பலன் நடுவில் உள்ள எந்தக் காரணி வழியாக வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் மீடியேஷன் அனாலிசிஸ்; அந்த நடுக் காரணியை இடைக்காரணி என்பேன். புள்ளியியல் வேலையில் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதியே வைக்கிறேன்.

முதலில், குலுக்கல் நமக்கு எதைக் கொடுக்கிறது என்று பார்க்கலாம். யார் சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார் என்பதைச் சீட்டுதான் தீர்மானிக்கிறது; வயதோ, வேலையோ, வீட்டுப் பிரச்சினையோ அல்ல. அதனால் இரண்டு பிரிவுக்கும் கடைசியில் தெரியும் வித்தியாசத்தைச் சிகிச்சையின் கணக்கில் எழுதலாம். ‘வேலை செய்கிறதா’ என்ற கேள்வி இதோடு முடிகிறது. சிகிச்சை அசைபோடுதலைக் குறைத்ததா என்பதற்கும் இதே பாதுகாப்பு உண்டு. இதை முதல் அம்பு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் அம்பு அசைபோடுதலிலிருந்து மனச்சோர்வுக்குப் போகிறது. அங்கே குலுக்கல் இல்லை. எட்டாவது வாரத்தில் யாருக்கு அசைபோடுதல் குறைந்தது, யாருக்குக் குறையவில்லை என்பதை நாம் சீட்டுப் போட்டு முடிவு செய்யவில்லை. வாழ்க்கை முடிவு செய்தது. ஆகவே இந்த அம்பைப் பொறுத்தவரை, பல கோடி செலவில் நடந்த குலுக்கல் சோதனையும் சாதாரணக் கண்காணிப்பு ஆய்வும் ஒரே நிலையில்தான் நிற்கின்றன. கீழே சொல்லும் வழிகள் எல்லாமே இந்த ஓட்டையை அடைக்க எதையாவது நம்பச் சொல்கின்றன. எதை நம்பச் சொல்கிறது என்பதில்தான் வழிக்கு வழி வித்தியாசம்.

கையில் பிடிக்க ஒரு கணக்கு

எண்கள் இல்லாமல் பேசினால் எல்லா வழியும் நல்லதாகத்தான் தெரியும். அதனால் விளக்கத்துக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். 24-ஆம் வாரம் சிகிச்சைப் பிரிவின் பிஎச்க்யூ சராசரி 3 புள்ளி குறைவு. அசைபோடுதலை ஐந்து கேள்விகளால் அளக்கிறோம், மொத்தம் 5 முதல் 20 வரை வரும். எட்டாவது வாரம் சிகிச்சைப் பிரிவில் இது 2 புள்ளி குறைவு. ஒரே பிரிவுக்குள் இருக்கும் இரண்டு பேரை எடுத்தால், அசைபோடுதல் ஒரு புள்ளி அதிகம் உள்ளவருக்கு 24-ஆம் வாரம் பிஎச்க்யூ 0.75 அதிகம்.

இரண்டு அம்புகளையும் பெருக்கினால் 2 × 0.75, அதாவது 1.5 புள்ளி. மொத்தக் குறைவு 3. “சிகிச்சையின் பலனில் பாதி, அசைபோடுதல் குறைந்ததன் வழியாக வந்தது” என்று எழுதிவிடலாம். அறிக்கையில் போட அழகான வரி. இது எவ்வளவு தாங்கும் என்பதுதான் விஷயம்.

ஐந்து கேள்வி என்று சும்மா சொல்லவில்லை. அசைபோடுதலுக்குப் பரவலாகப் பயன்படும் கேள்வித்தாள் 22 கேள்வி கொண்டது. அதில் கணிசமான கேள்விகள் மனச்சோர்வின் அறிகுறிகளையே வேறு வார்த்தையில் கேட்பவை. 2003-ல் அந்தக் கேள்விகளை நீக்கிவிட்டு, வருந்தி வருந்தி நினைப்பதற்கு ஐந்து, நிதானமாக யோசித்துப் பார்ப்பதற்கு ஐந்து என்று பிரித்தார்கள். பழைய 22 கேள்வியோடு போனால், சோர்வைச் சோர்வாலேயே விளக்குகிற கதையாகிவிடும். எந்தப் புள்ளியியல் முறையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தமிழில் மொழிபெயர்க்கும்போது இந்த ஆபத்து இன்னும் கூடும். “மனசு கனமா இருக்கு” என்ற ஒரே வரி இரண்டு கேள்வித்தாளிலும் வந்து உட்கார்ந்துவிடும்.

கேட்காமலே விடுவது

யாரும் இதை ஒரு வழியாக எண்ணுவதில்லை, நான் எண்ணுவேன். பிஎச்க்யூவின் பரவல், அதாவது திட்ட விலக்கம், சுமார் 6 என்று கொண்டால், 3 புள்ளி வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க ஒரு பிரிவுக்கு 64 பேர் வேண்டும். இரண்டுக்கும் 128. ஐந்தில் ஒருவர் நடுவில் நின்றுவிடுவார் என்று கூட்டினால் 160. தோழியின் எண்ணிக்கை இப்படித்தான் வந்தது. அது ‘வேலை செய்கிறதா’ என்ற கேள்விக்குப் போட்ட கணக்கு; ‘எப்படி’க்கு அல்ல.

‘எப்படி’க்கு எவ்வளவு வேண்டும்? ஃப்ரிட்ஸும் மெக்கின்னனும் 2007-ல் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு அம்புகளும் சிறியவை என்றால், கீழே விளக்கும் பூட்ஸ்ட்ராப் முறைகளில் நல்ல ஒன்றுக்கே சுமார் 462 பேர் தேவைப்பட்டது. அம்புகள் நடுத்தர அளவு என்றால் 70, 80 பேரே போதும். தோழியின் 160 இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 சதவீதம்தான். அதில் மனச்சோர்வு இருந்து, சோதனைக்கும் சம்மதித்து வருகிறவர்கள் 462 பேர் என்பது இந்த ஊரில் நடக்கிற காரியமில்லை.

ஆக, ‘எப்படி’ கேள்வியைத் தொடாமல் விடுவது கோழைத்தனம் இல்லை. ஆனால் ஆட்களைச் சேர்ப்பதுதான் இங்கே செலவு; சேர்த்தபின் ஐந்து கேள்வி கூடுதலாகக் கேட்பது செலவே இல்லை. கிடைத்த 160 பேரிடமிருந்து எதையும் தெரிந்துகொள்ளாமல் விடுவது வீண் என்பதால் இந்த வழியை நான் தள்ளுகிறேன். அளவுகளை எடுக்கலாம், முடிவை மட்டும் அடக்கமாக எழுதலாம்.

பழைய நான்கு படி, அப்புறம் பெருக்கல்

பேரன், கென்னி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1986-ல் எழுதிய கட்டுரை உளவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுவனவற்றில் ஒன்று. சிகிச்சைக்கும் முடிவுக்கும் தொடர்பு இருக்கிறதா, சிகிச்சைக்கும் இடைக்காரணிக்கும் இருக்கிறதா, சிகிச்சையைக் கணக்கில் வைத்தபின்னும் இடைக்காரணிக்கும் முடிவுக்கும் இருக்கிறதா, இடைக்காரணியைச் சேர்த்ததும் சிகிச்சையின் நேர் விளைவு சுருங்குகிறதா என்று நான்கு படி. எளிது, எந்த மென்பொருளிலும் போடலாம். ஆனால் முதல் படியே தவறான வாசல்காரன். மொத்த விளைவு தெரியாவிட்டால் உள்ளே போகாதே என்கிறது. அதே 2007 ஆய்வில், இரண்டு சிறிய அம்புகள் மட்டும் இருந்து நேர் விளைவு எதுவும் இல்லாதபோது, நான்கு படி முறைக்குத் தேவைப்பட்டது 20,886 பேர். இரண்டு சிறிய எண்களைப் பெருக்கி வரும் இன்னும் சிறிய மொத்த விளைவைத் தனியாகப் பிடித்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பதன் விலை அது.

அதனால் இப்போது பலரும் இரண்டு அம்பையும் பெருக்கி, பூட்ஸ்ட்ராப்பில் வரம்பு போடுகிறார்கள். தரவிலிருந்து ஆட்களைத் திரும்பத் திரும்ப எடுத்து, பெருக்கல் ஒவ்வொரு முறையும் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது. வரம்பு பூஜ்யத்தைத் தொடவில்லையா, ‘மீடியேஷன் இருக்கிறது’.

இங்கேதான் இரண்டு கேள்வியும் கலந்து போகிற இடம் வருகிறது. அமர்வுகள் இரவு எட்டு மணிக்கு என்று வைப்போம். உட்லண்ட்ஸிலிருந்து வந்து திரும்பிப் போகிறவர் தூங்க நள்ளிரவு ஆகிவிடுகிறது. சிகிச்சை அசைபோடுதலைக் குறைத்து ஒரு புள்ளி நன்மை செய்கிறது. தூக்கத்தைக் கெடுத்து ஒரு புள்ளி தீமை செய்கிறது. மொத்தம் பூஜ்யம். பூட்ஸ்ட்ராப் வரம்பு மட்டும் பளிச்சென்று பூஜ்யத்துக்கு வெளியே நிற்கும். உடனே “சிகிச்சை, அசைபோடுதலைக் குறைப்பதன் மூலம் மனச்சோர்வைக் குறைக்கிறது” என்று தலைப்பு வைப்பார்கள். வேலை செய்யாத சிகிச்சைக்கு, வேலை செய்யும் விதத்தைச் சொன்ன தலைப்பு அது. வாசிக்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கட்டுரையின் சுருக்கத்தில் மொத்த விளைவின் எண்ணைத் தேடுவது. அது இல்லாமல், இடைக்காரணி வழியாக வரும் மறைமுக விளைவு மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பூட்ஸ்ட்ராப் சரிசெய்வது தற்செயல் ஏற்ற இறக்கத்தை மட்டும்தான். இரண்டாம் அம்பின் ஓட்டையை அது தொடுவதே இல்லை. ஒரு வேடிக்கை: 1986 கட்டுரைக்கு ஐந்து வருடம் முன்பே, அதே கென்னி, ஜட் என்பவரோடு சேர்ந்து எழுதியபோது இந்த ஓட்டையைப் பற்றி எச்சரித்திருக்கிறார். நான்கு படியை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

காரணகாரிய முறை, கூடவே ‘எவ்வளவு தாங்கும்’ சோதனை

1992-ல் ராபின்ஸும் கிரீன்லாண்டும், 2001-ல் பேர்லும் கேள்வியையே திருத்தி எழுதினார்கள். ஒருவர் சிகிச்சையில் இருக்கிறார், ஆனால் சிகிச்சை இல்லாதிருந்தால் அவருக்கு எவ்வளவு அசைபோடுதல் இருந்திருக்குமோ அந்த அளவிலேயே வைத்துப் பார்த்தால், பிஎச்க்யூ எவ்வளவாக இருந்திருக்கும்? இப்படிக் கேட்டவுடன், பதிலுக்கு என்னென்ன நம்ப வேண்டும் என்பது வெளியே வந்துவிடுகிறது. முக்கியமானது, அசைபோடுதலையும் சோர்வையும் ஒருசேர ஆட்டிவைக்கும் எல்லாவற்றையும் நாம் அளந்து கணக்கில் சேர்த்துவிட்டோம் என்பது.

சரி, நம் கணக்குக்கு வருவோம். தொடக்கத்திலேயே அதிகம் அசைபோட்டவர்தான் எட்டாவது வாரமும் அதிகம் அசைபோடுகிறார். தொடக்கத்தில் சோர்வு அதிகம் இருந்தவர்தான் கடைசியிலும் அதிகச் சோர்வில் இருக்கிறார். இந்த இரண்டு தொடக்க மதிப்பெண்களையும் சேர்த்ததும் 0.75 என்பது 0.5 ஆகக் குறைகிறது என்று வைப்போம். மறைமுக விளைவு 1.5-லிருந்து 1.0. பாதி என்று எழுதியது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

அடுத்து, அளக்காதது எது? சிங்கப்பூர்க் குடும்பம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ. வீட்டில் பிள்ளை அந்த வருடம் தேர்வு எழுதினால், அம்மாவுக்கு இரவெல்லாம் யோசனை, அதோடு சோர்வும். அவர் அசைபோடுவதைக் குறைத்தாலும் தேர்வு போய்விடப் போவதில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், தரவில் ஒன்று மற்றொன்றை உண்டாக்குவதுபோலத் தெரியும்.

இதைக் கணக்காகப் போடலாம். ஒரே பிரிவில், தொடக்க மதிப்பெண்கள் ஒன்றாக உள்ளவர்களை எடுப்போம். அசைபோடுதல் 10 உள்ளவர்களில் 20 சதவீதம் பேர் வீட்டில் இப்படி ஒரு பாரம். 14 உள்ளவர்களில் 40 சதவீதம். ஒரு புள்ளிக்கு 5 சதவீதம், அதாவது 0.05. அந்தப் பாரம் பிஎச்க்யூவை 3 புள்ளி கூட்டும் என்றால், நம் 0.5-ல் 0.05 × 3 = 0.15 பொய். மிச்சம் 0.35, மறைமுக விளைவு 0.7. இரண்டாம் அம்பு முழுவதும் பொய் என்று ஆக, அந்தப் பாரம் பிஎச்க்யூவை 10 புள்ளி கூட்ட வேண்டும். 27 புள்ளி அளவுகோலில் ஒரு குடும்பப் பிரச்சினை தனியாக 10 புள்ளி தூக்கும் என்பது நம்பக் கஷ்டம். ஆனால் 0.05 என்பது 0.1 ஆகவும் இருக்கலாம். அப்போது 5 புள்ளியே போதும், அது நம்ப முடியாததல்ல. இந்த வகை விவாதத்தைச் சிகிச்சை கொடுக்கிறவர்களோடு மேஜையில் உட்கார்ந்து செய்ய முடியும். இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எதிர்ப்பக்கம் இழுக்கிற பிழையும் ஒன்று உண்டு. ஐந்து கேள்வி துல்லியமான தராசு அல்ல. ஒரே பிரிவுக்குள், தொடக்க மதிப்பெண்ணைக் கழித்தபின் தெரியும் ஏற்ற இறக்கத்தில் 70 சதவீதம்தான் நிஜம், மீதி அளவுப் பிழை என்றால், இரண்டாம் அம்பு தன் நிஜ அளவைவிடச் சிறியதாகத் தெரியும்: 0.5-ஐ 0.7-ஆல் வகுத்தால் சுமார் 0.71. மறைமுக விளைவு 1.4. ஆக, ஒரு நியாயமான ஐயம் 0.7-க்கு இறக்குகிறது, இன்னொரு நியாயமான ஐயம் 1.4-க்கு ஏற்றுகிறது. “இத்தனை சதவீதம் இதன் வழியாக” என்று ஒற்றை எண்ணை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் காட்டாமல் எழுதினால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

ஆர் மென்பொருளில் வேலை சில வரிதான். `arm` என்பது பிரிவு, `brood` அசைபோடுதல், `phq` பிஎச்க்யூ, பக்கத்தில் உள்ள எண் வாரம்:

```r
library(mediation)
m <- lm(brood8 ~ arm + brood0 + phq0 + psle, data = d)
y <- lm(phq24 ~ arm * brood8 + brood0 + phq0 + psle, data = d)
out <- mediate(m, y, treat = "arm", mediator = "brood8", sims = 2000)
summary(out)
summary(medsens(out))
```

மூன்றாம் வரியில் கூட்டலுக்குப் பதில் பெருக்கல் குறி இருப்பது வேண்டுமென்றே. அசைபோடுதல் சோர்வாக மாறும் வேகம் சிகிச்சை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேறாக இருக்கலாம். அதற்கு இடம் விடுகிறது. அப்படி வேறாக இருந்தால் மறைமுக விளைவு இரண்டு எண்ணாக வரும். மேலே நான் கையால் போட்ட கணக்கு, இரண்டு பிரிவிலும் வேகம் ஒன்றுதான் என்று வைத்துப் போட்டது. கடைசி வரி தருவது ஒரு ஒட்டுறவு எண். இரண்டு ரிக்ரெஷனின் மிச்சங்களுக்கும் இடையே எவ்வளவு ஒட்டுறவு இருந்தால் மறைமுக விளைவு மறைந்துபோகும் என்பது. அறிக்கையில் போடுங்கள், ஆனால் அந்த எண்ணைப் பார்த்து ‘இது பெரிதா சிறிதா’ என்று உள்ளுணர்வால் சொல்லக்கூடிய ஒரு மருத்துவரை நான் பார்த்ததில்லை. பிஎஸ்எல்இ கணக்கு எல்லோருக்கும் புரிகிறது.

பிஎஸ்எல்இ தொடக்கப் படிவத்தில் ஒரு டிக் போட்டால் தெரிந்துவிடும் என்பதால் `psle` உள்ளேயே வந்துவிட்டது. ஷிஃப்ட் வேலை, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது, மாத்திரை எடுப்பது ஆகியவையும் அப்படியே. மாமியாரோடு பேச்சு நின்றுபோனதை யாரும் படிவத்தில் எழுத மாட்டார்கள். மேலே சொன்ன பாரக் கணக்கு அதற்காகத்தான் மிச்சம்.

கருவி மாறி வழி

எல்லாவற்றையும் அளக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு சுற்றுவழியில் போவது இது. தொடக்கத்தில் தெரிந்த ஏதோ ஒரு குணம், சிகிச்சை அசைபோடுதலை எவ்வளவு குறைக்கும் என்பதை மட்டும் மாற்ற வேண்டும்; வேறு வழியில் சிகிச்சையின் பலனை மாற்றக் கூடாது. அப்படி ஒன்று கிடைத்தால் அளக்காத பாரங்களைப் பற்றிக் கவலையில்லை. படித்தால் கவர்ச்சியாக இருக்கும். கல்வி நிலையா? படித்தவர் வீட்டுப்பாடத்தை நன்றாகச் செய்து அசைபோடுதலைக் குறைக்கலாம். ஆனால் அதே வீட்டுப்பாடம் அவரை வெளியே போகவும் ஆட்களைப் பார்க்கவும் வைக்குமே, அது வேறு வழி ஆயிற்றே. நம்பத்தகுந்த குணம் கிடைத்தாலும், 160 பேரில் அதன் பிடி பலவீனமாகத்தான் இருக்கும். வரம்பு அவ்வளவு அகலமாக வரும் என்பதால், நன்மை, தீமை, ஒன்றுமில்லை மூன்றுக்கும் அதில் இடம் இருக்கும். பல மையங்களில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் உள்ள சோதனைக்கு இதைப் பரிசீலிக்கலாம். இங்கே வேண்டாம்.

சோதனையின் அமைப்பையே மாற்றுவது

இதுதான் கனமான போட்டியாளர். கணக்கால் பிரிப்பதற்குப் பதில் சிகிச்சையாலேயே பிரிப்பது.

ஜேக்கப்சனின் குழு 1996-ல் மனச்சோர்வுக்கான சிபிடியைப் பிரித்துப் போட்டது. சுமார் 150 பேர். ஒரு பிரிவுக்குச் செயல்பாடுகளைக் கூட்டும் பகுதி மட்டும். இன்னொன்றுக்கு அதோடு தானாக வரும் எண்ணங்களைத் திருத்தும் பகுதி. மூன்றாவதற்கு முழு சிகிச்சை. மூன்றும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. எண்ணங்களைத் திருத்துவதே மருந்து என்று நினைத்தவர்களுக்கு அது பெரிய அடி. எந்த மீடியேஷன் ரிக்ரெஷனும் அவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் மூன்று பிரிவும் ஒன்று என்று நிரூபிக்க, ஒன்று வேறு என்று காட்டுவதைவிட அதிக ஆட்கள் வேண்டும். ‘வித்தியாசம் தெரியவில்லை’ என்பது ‘வித்தியாசம் இல்லை’ ஆகாது.

இன்னொரு பாணி, இடைக்காரணி ஒன்றை மட்டும் குறிவைக்கும் சிகிச்சை. ஃப்ரீமேன் குழு 2015-ல் வெளியிட்ட பிரிட்டிஷ் சோதனையில், யாரோ தனக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற விடாப்பிடியான நம்பிக்கை உள்ள 150 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிகிச்சை அந்த நம்பிக்கையைத் தொடவே இல்லை, கவலைப்படும் பழக்கத்தை மட்டும் குறைத்தது. கவலை குறைந்தது, கூடவே நம்பிக்கையின் பிடியும் தளர்ந்தது. நம்பிக்கையில் வந்த மாற்றத்தில் 66 சதவீதம் கவலை வழியாக என்று கணக்கு சொன்னது. அந்த 66-க்கும் நான் மேலே சொன்ன ஐயங்கள் எல்லாம் பொருந்தும். ஆனால் சிகிச்சையில் வேறு சரக்கு அதிகம் இல்லாததால், 66 கொஞ்சம் ஆடினாலும் கதை விழாது.

தோழிக்கு இது இப்போது சரிவருமா? மூன்று பிரிவு என்றால் 160 பேரை மூன்றாக வகுக்க வேண்டும், ‘வேலை செய்கிறதா’ கேள்வியே பலவீனமாகிவிடும். தமிழில் இந்த சிகிச்சைக்கு முதல் சோதனை என்பதால் அந்தக் கேள்வியைப் பணயம் வைக்கக் கூடாது. அசைபோடுதலை மட்டும் குறிவைக்கும் இரண்டாவது சோதனை பின்னால் வரட்டும்.

நான் எதைப் போடச் சொன்னேன்

முதன்மைக் கேள்வி 24-ஆம் வார பிஎச்க்யூ மட்டும். அதன் முடிவு என்னவானாலும் இடைக்காரணிக் கணக்கு அதைத் திருத்தாது. இடைக்காரணி ஒன்றே ஒன்று, அசைபோடுதல். தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைத்தது. காரணகாரிய முறை, பாரக் கணக்கோடு. எந்த அனுமானத்தில் நிற்கிறது என்ற வரியும் சேர்த்து, ‘ஆராய்ந்து பார்த்தது’ என்ற முத்திரையோடு. அனுமானங்களையும் தாங்கும் சோதனையையும் வெளிப்படையாக எழுதச் சொல்லி 2021-ல் அக்ரீமா என்ற வழிகாட்டி நெறியும் வந்திருக்கிறது. நெறிமுறைக் குழுவுக்குக் காட்ட அது வசதி.

இதையெல்லாம்விட நான் வற்புறுத்தியது அளவெடுக்கும் நேரத்தை. அவள் திட்டத்தில் அசைபோடுதல் தொடக்கத்திலும் எட்டாவது வாரத்திலும் மட்டும் இருந்தது. இல்டார்டியும் கிரேக்ஹெட்டும் 1994-ல் ஒரு சங்கடமான விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள்: மனச்சோர்வுக்கான சிபிடியில் முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே வந்துவிடுகிறது, எண்ணங்களைத் திருத்தும் பயிற்சி முறையாகத் தொடங்குவதற்கு முன்பே. நம் கணக்கிலும் அப்படி நடந்தால்? நான்காவது வாரத்திலேயே பிஎச்க்யூ வித்தியாசம் 2 புள்ளி வந்துவிட்டது, அசைபோடுதல் வித்தியாசம் அரைப் புள்ளிதான் என்று வைப்போம். வந்துவிட்ட அந்த 2 புள்ளியில் பெரும்பகுதியை, பின்னால் நடந்த அசைபோடுதல் மாற்றம் உண்டாக்கியிருக்க முடியாது. மனசு லேசானதால் அசைபோடுவது குறைந்தது என்ற எதிர்க்கதைக்கே வலு கூடும். எட்டாவது வாரத்தை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது. அவருடைய வரம்பு பூஜ்யத்துக்கு வெளியே அழகாக நிற்கும்.

நான்காவது வார பிஎச்க்யூ கையில் இருந்தால் அதையும் இரண்டாம் அம்பின் கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது பிந்தைய அசைபோடுதலையும் பிந்தைய சோர்வையும் ஒருசேர ஆட்டுகிறது. 0.5 என்பது 0.3 ஆகலாம். ஆனால் அந்த நான்காவது வார மதிப்பெண்ணே சிகிச்சையால் மாறியது என்பதால், மேலே உள்ள ஆர் வரிகளில் அதைச் சும்மா சேர்த்துவிடக் கூடாது; சேர்த்தால் முதல் அம்பும் சேர்ந்து சுருங்கிவிடும். வேகம் இரு பிரிவிலும் ஒன்றுதான் என்று கொள்ளும் எளிய நேர்கோட்டுக் கணக்கில், முதல் அம்பை அப்படியே 2 என்று வைத்து, இரண்டாம் அம்பை மட்டும் திருத்தி, 2 × 0.3 = 0.6 என்று கையால் பெருக்குவது சரியான வழி. பாதி என்று தொடங்கியது ஐந்தில் ஒரு பங்கில் வந்து நிற்கிறது. சிகிச்சையின் 3 புள்ளி மட்டும் எங்கும் போகவில்லை, குலுக்கலின் பாதுகாப்பில் அப்படியே இருக்கிறது.

ஆக, வாரம்தோறும் ஐந்து கேள்வியும் பிஎச்க்யூவும், ஃபோனில், இரண்டு பிரிவுக்கும். கண்பார்வை மங்கியவர்களுக்கும் தமிழ் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் யாராவது அழைத்துக் கேட்க வேண்டும். அவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது.

“அப்போ சிகிச்சையாளருக்கும் வர்றவங்களுக்கும் உள்ள பிணைப்பையும் அளக்கலாமா? அதுவும் ஒரு மீடியேட்டர்தானே?” என்று கடைசியாகக் கேட்டாள். வழக்கமான கவனிப்புப் பிரிவில் சிகிச்சையாளரே இல்லை. அங்கே பிணைப்புக்குப் பூஜ்யம் போடுவதா, காலியாக விடுவதா? எது போட்டாலும் முதல் அம்பு அர்த்தமில்லாததாகிவிடும். ஆதரவாகப் பேசும் ஆலோசனையை ஒப்பீட்டுப் பிரிவாக வைத்திருந்தால் கேட்கலாம். இந்தச் சோதனையில் முடியாது. அந்தக் கேள்வித்தாளுக்காக ஒதுக்கியிருந்த தொகையை வாராந்திர அழைப்புகளுக்கு ஆள் போட மாற்றிக்கொள் என்றேன்.